குதி உயர்ந்தால் போதுமா? நிலை நிற்க வேண்டாமா?

பெண்களுக்கான குதி உயர்ந்த செருப்பு, ஷூ வகைகள் நம் பக்கத்துக் கடைகளில் வெறும் அலங்காரச் சரக்காக இருந்த காலம் போய்விட்டது. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முகூர்த்த மாதங்களில் வரவேற்பு நிகழ்ச்சிக்கென்றே தனி ஜோடி வாங்குகிறார்கள். கல்லூரி மாணவிகளும் அலுவலகம் செல்லும் பெண்களும் ஆண்டு முழுவதும் கேட்கிறார்கள். விற்பனை கூடக்கூட ஒரு தொல்லையும் கூடவே வந்திருக்கிறது. விற்ற சரக்கு திரும்பி வருகிறது. "ஆடுது", "முன்னால தள்ளுது", "குதி உடைஞ்சு போச்சு" என்று மூன்றே விதமாகத்தான் புகார் வரும். கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்கிறார். மொத்த வியாபாரி தயாரிப்பாளரைக் கேட்கிறார். கடைசியில் யாரோ ஒருவர் தலையில் நஷ்டம் விழுகிறது. அதற்கு முன்பே அந்த அம்மாளின் கணுக்கால் சுளுக்கியிருந்தால், நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை.

இந்தச் சரக்கை நாம் பெரும்பாலும் நிறத்தையும் மேல்பக்க வேலைப்பாட்டையும் பார்த்தே கொள்முதல் செய்கிறோம். குதியின் வடிவம், உயரம், நிலை ஆகிய மூன்றையும் பார்த்து வாங்கப் பழகினால் திரும்பி வரும் சரக்கில் பெரும்பகுதியைக் கடைக்குள் நுழையும் முன்பே தடுத்துவிடலாம். அதற்குக் கல்லாப் பெட்டிக்கு மேலே உள்ள கண்ணாடியும், ஒரு விசிட்டிங் கார்டும், ஒரு காந்தமும் போதும்.

உயரம் என்பது எது?

முதலில் ஒரு கணக்கைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். "நாலு அங்குல ஹீல்" என்று பெட்டியில் எழுதியிருந்தால், அது பொதுவாகக் குதியின் பின்பக்க உயரம். ஆனால் காலுக்குத் தெரிவது அந்த உயரமல்ல. குதிகால் இருக்கும் இடத்துக்கும் முன்பாதம் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் காலுக்குத் தெரியும். முன்பாதத்துக்குக் கீழே ஒரு அங்குலக் கனமுள்ள அடி இருந்தால், நாலு அங்குலக் குதியும் காலுக்கு மூன்று அங்குலம்தான்.

நம் ஊர்ப் பெரியவர்கள் அணிந்த பாதக்குறட்டை நினைத்துப் பாருங்கள். தரையிலிருந்து அது பாதத்தை நன்றாகவே உயர்த்துகிறது. ஆனால் முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் இருப்பதால் பாதம் சரிவதில்லை. பிளாட்ஃபார்ம் என்று இன்று விற்கும் வகையின் தத்துவமும் இதுதான். ஆளை உயர்த்த வேண்டும்; பாதத்தைச் சரிக்கக்கூடாது.

இரண்டாவது விஷயத்தைப் பல கடைக்காரர்கள் கவனிப்பதில்லை. இங்கிலாந்து அளவு முறையில் ஒரு முழு சைஸுக்கு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளம் கூடும். ஆகவே 4ஆம் சைஸுக்கும் 8ஆம் சைஸுக்கும் இடையே ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு. ஆனால் ஒரு செட்டில் உள்ள எல்லாச் சைஸுக்கும் பெரும்பாலும் ஒரே உயரக் குதிதான் அடித்து வருகிறது. நீளம் குறைந்த பலகையின் ஒரு முனையை அதே செங்கல் மேல் வைத்தால் சரிவு அதிகமாகும் அல்லவா? அதே போல 8ஆம் சைஸ் அணியும் பெண்ணுக்குச் சுகமாக இருக்கும் மூன்று அங்குலக் குதி, 4ஆம் சைஸ் அணியும் பெண்ணை முன்னால் தள்ளும். சிறிய பாதம் உள்ளவர் கேட்டால் அரை அங்குலம் குறைந்த ஜோடியையும் எடுத்துப் போட்டுக் காட்டுவது கடைக்காரர் செய்யக்கூடிய நல்ல காரியம்.

ஐந்து வடிவங்கள்

பென்சில் ஹீல் என்று நம் பக்கத்தில் சொல்வதுதான் ஸ்டிலெட்டோ. இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிறு குத்துவாள் என்று பொருள். 1950களில் ஐரோப்பாவில் இது பரவியது. அதற்கு முன்பே மரத்தில் மெல்லிய குதி செய்து பார்த்தார்கள். எடை தாங்காமல் ஒடிந்தது. குதிக்குள் எஃகுக் கம்பி வைத்த பிறகுதான் இவ்வளவு மெலிவு சாத்தியமாயிற்று. இன்றும் நல்ல பென்சில் ஹீல் என்றால் கெட்டியான பிளாஸ்டிக்குக்குள் எஃகுக் குழலோ கம்பியோ இருக்க வேண்டும். உயரம் பொதுவாக மூன்று அங்குலத்துக்கு மேல். நுனி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம்.

இந்த நுனியின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். 50 கிலோ எடையுள்ள பெண் நடக்கையில் ஒரு கணம் முழு எடையும் ஒரு குதியில் இறங்குகிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் நுனியில் அந்த 50 கிலோவும் நிற்கிறது. பிளாக் ஹீலில் அடிப்பக்கம் நாலுக்கு நாலு சென்டிமீட்டர் என்று வைத்தால் 16 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிலோ அளவில்தான் வரும். மண்டப வாசலில் கொட்டிய மணலில் பென்சில் ஹீல் புதைவதும், சாக்கடை மூடியின் இடுக்கில் மாட்டுவதும், சேலை ஓரத்தை மிதித்தால் ஃபால்ஸைக் குத்திக் கிழிப்பதும் இதனால்தான். கல் பாவிய தெருவில் கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி இதன் ஜென்ம விரோதி.

பிளாக் ஹீல் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே கனமாக இறங்கும். சதுரமாகவோ வட்டமாகவோ இருக்கலாம். ஒன்றரை அங்குலத்திலிருந்து நாலு அங்குலம் வரை வருகிறது. பக்கவாட்டில் ஆடாது என்பது இதன் பெரிய குணம். ஆனால் உயரம் அதிகமானால் பாதம் சரிவது பென்சில் ஹீலைப் போலவேதான். "கனமான குதி, அதனால் வலிக்காது" என்று சொல்லி நாலு அங்குல பிளாக்கை விற்பது சரியல்ல. ஆட்டம் குறையும்; முன்பாதத்தின் மேல் விழும் பாரம் குறையாது.

கிட்டன் ஹீல் என்றால் பூனைக்குட்டிக் குதி என்று பொருள். 1950களின் பிற்பகுதியில் மேல்நாட்டில் உயர்ந்த குதி போட்டுப் பழகும் இளம்பெண்களுக்காக வந்தது. ஒன்றரை அல்லது இரண்டு அங்குல உயரம் இருக்கும். மெல்லியதாகச் சற்றே வளைந்து, செருப்பின் பின் விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். நுனி சிறியதானாலும் உயரம் குறைவாக இருப்பதால் நெம்பும் பலம் குறைவு. ஆகவே பென்சில் ஹீலைவிட நம்பிக்கையானது. ஆனால் இதற்கென்று ஒரு தனிக் குறை உண்டு. நுனியை அளவுக்கு மீறி உள்ளே தள்ளிவிட்டால் குதிகாலின் பின்பகுதிக்குக் கீழே ஆதாரம் இருக்காது. அணிந்தவர் பின்னால் சாய்வது போல உணர்வார்.

வெட்ஜ் என்பது ஆப்பு. குதியும் அடியும் தனித்தனியாக இல்லாமல், பின்னால் கனமாகத் தொடங்கி முன்னால் மெலிந்து வரும் ஒரே கட்டை. 1930களில் இத்தாலியச் செருப்புக் கலைஞர் சால்வடோரே ஃபெர்ரகாமோ இதைப் பிரபலமாக்கினார். எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்ததால் பொருளாதாரத் தடை வந்தது; செருப்புக்குள் வைக்க நல்ல எஃகு கிடைக்கவில்லை. எஃகே தேவைப்படாத வடிவமாக, தக்கைக் கட்டையால் பாத வளைவின் அடியை முழுக்க நிரப்பிவிட்டார்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தனிக் குதி வைத்த செருப்பு ஆற்றுப்பாலம் போன்றது. குதி ஒரு தூண், முன்பாதம் ஒரு தூண், நடுவில் அந்தரம். அந்த அந்தரத்தைத் தாங்குவது உள்ளே ஓடும் ஷாங்க் என்னும் எஃகுத் தகடு. வெட்ஜில் அந்தரமே இல்லை. ஆகவே தகடு பலவீனமாக இருக்குமோ என்ற கவலையும் இல்லை. கோழிக்கோடு பக்கம் பி.யு. அடியில் வார்த்து வரும் இரண்டு அங்குல வெட்ஜ் நம் ஊர்களில் அதிகம் திரும்பி வராததற்கு இது முக்கியக் காரணம் என்பது நமது அனுபவம்.

பிளாட்ஃபார்ம் பற்றி மேலே சொன்னோம். பாதம் அதிகம் சரியாமல் ஆள் உயரமாகத் தெரியலாம். ஆனால் கனமான முன் அடி வளையாது. நடக்கும்போது பாதம் முன்பக்கம் மடிய வேண்டும், அடி மடியாது. ஆகவே நுனிப்பக்கம் தரையிலிருந்து மேல் நோக்கித் தூக்கி, படகின் முனை போலச் செய்திருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் அணிந்தவர் கால் தடுக்கி முன்னால் விழுவார். தரை மேடு பள்ளம் பாதத்துக்குத் தெரியாததும் இதன் குறை. ஓரம் பள்ளத்தில் இறங்கினால் கணுக்கால் மடங்கும். எவ்வளவு கனமான அடியோ அவ்வளவு அதிகமாக மடங்கும்.

கண்ணாடி, கார்டு, காந்தம்

சரக்கு வந்ததும் ஒவ்வொரு டிசைனிலும் இரண்டு மூன்று சைஸை எடுத்துக் கல்லாக் கண்ணாடி மேல் வையுங்கள். மேஜைப் பலகை வேண்டாம். அது சமமாக இராது.

முதலில் குதியின் நுனியில் உள்ள டிப் கண்ணாடியோடு முழுக்கப் படிகிறதா என்று பாருங்கள். விசிட்டிங் கார்டைப் பின்பக்கத்திலிருந்தும் முன்பக்கத்திலிருந்தும் செருகிப் பாருங்கள். பின்பக்கம் கார்டு நுழைந்தால், அந்தச் செருப்பின் அச்சுக்கு ஏற்றதைவிடக் குதி உயரமாக இருக்கிறது என்று பொருள். குதி மிஞ்சும்போது செருப்பு முன்பாதத்தை மையமாகக் கொண்டு முன்னால் சாய்கிறது. டிப்பின் பின் விளிம்பு தூக்கிக் கொள்கிறது. முன்பக்கம் கார்டு நுழைந்தால், குதி குட்டையாக இருக்கிறது. எதுவானாலும் முழு நுனியில் நிற்க வேண்டிய எடை ஒரு விளிம்பில் நிற்கும். அதுதான் ஆட்டம்.

அடுத்து, உள்ளே குதிகால் பதியும் இடத்தின் நடுவைக் கட்டை விரலால் நேராக அழுத்துங்கள். செருப்பு அசையாமல் நிற்க வேண்டும். குதி பின்னால் அல்லது பக்கவாட்டில் வளைந்தால் ஆணி சரியாகப் பிடிக்கவில்லை. பிறகு குதிகால் இடத்தின் பின் ஓரத்தை மட்டும் மெதுவாக அழுத்துங்கள். முன்பக்கம் சட்டென்று கண்ணாடியை விட்டு எழுந்தால், குதி அளவுக்கு மீறி உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. கிட்டன் ஹீலில் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, ஜோடியைப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டு குதியும் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒன்று உள்பக்கம் சாய்ந்திருந்தாலும் அந்த ஜோடியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கடைசியாகக் காந்தம். பென்சில் ஹீலின் நடு உயரத்தில் நல்ல காந்தத்தை வைத்தால் உள்ளே எஃகு இருந்தால் இழுக்கும். நுனியில் வைத்துப் பார்த்து ஏமாறக்கூடாது. அங்கே டிப்பைப் பிடிக்கும் சிறு ஆணியே காந்தத்தை இழுத்துவிடும். நடுவில் இழுக்கவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக். மூன்று அங்குலத்துக்கு மேல் மெல்லிய குதி வெறும் பிளாஸ்டிக்கில் வந்தால் வாங்காதிருப்பதே நல்லது. அதே காந்தத்தைப் பாத வளைவுக்குக் கீழேயும் வைத்து ஷாங்க் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளலாம்.

திரும்பி வந்த ஐந்து ஜோடி

இதை ஒரு நடந்த கதையால் விளக்கினால் நன்றாகப் புரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நம்மிடம் வாங்கும் ஒரு கடைக்காரர் முகூர்த்த நாட்களுக்காக மூன்றரை அங்குலப் பென்சில் ஹீல் நாலு செட், அதாவது 32 ஜோடி, வெளிமாநிலத் தயாரிப்பாளர் ஒருவரிடம் நேரடியாகத் தருவித்தார். பார்வைக்கு அருமையான சரக்கு. 14 ஜோடி விற்றது. பத்து நாளில் ஐந்து ஜோடி திரும்பியது. எதிலும் குதி உடையவில்லை, வார் அறவில்லை. எல்லாரும் சொன்னது ஒன்றே: "நிக்க முடியலண்ணே, ஆடுது." தயாரிப்பாளரோ, "குதி போட்டுப் பழகாதவர்கள் போட்டால் ஆடத்தான் செய்யும்" என்று முடித்துவிட்டார்.

கடைக்காரர் அந்த ஐந்து ஜோடியையும் விற்காத சரக்கில் சிலவற்றையும் இராஜபாளையத்துக்குக் கொண்டு வந்தார். கண்ணாடி மேல் வைத்தோம். திரும்பி வந்த ஐந்திலும் டிப்பின் பின்பக்கம் கார்டு தாராளமாக நுழைந்தது. இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நடந்து தேய்ந்திருக்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்லக்கூடும். ஆனால் காலில் ஏறாத புது ஜோடிகளிலும் அதே இடத்தில் அதே அளவு இடைவெளி இருந்தது. தேய்மானம் இல்லை, அமைப்பிலேயே தவறு என்று அப்போது உறுதியாயிற்று. குதிகள் எஃகு வைத்த நல்ல குதிகள்தான். ஆனால் மூன்று அங்குலக் குதிக்கான அச்சில் தைத்த செருப்பில் மூன்றரை அங்குலக் குதியை அடித்திருந்தார்கள். சாவகாசமாகக் கேட்டபோது, அந்த வாரம் மூன்று அங்குலக் குதி கையிருப்பில் இல்லை என்பதை அவர்களே ஒப்புக் கொண்டார்கள்.

இந்த வித்தியாசம் ஏன் கடைக்காரர் கண்ணில் படவில்லை? கணக்கு இதோ. குதிக்கும் முன்பாதத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு அங்குலம். அதில் அரை அங்குலம் மிஞ்சினால் பன்னிரண்டில் ஒரு பங்கு சாய்வு. ஒரு சென்டிமீட்டர் நுனியில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியாகத்தான் தெரியும். நாலு சென்டிமீட்டர் பிளாக் ஹீலில் இதே தவறு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வாயைப் பிளந்து காட்டியிருக்கும். மெல்லிய குதி தன் குற்றத்தை மறைத்துக் கொள்ளும். அதனால்தான் கண்ணை நம்பாமல் கார்டை நம்பச் சொல்கிறோம்.

"குதியை அரை அங்குலம் அறுத்துவிடலாமே" என்று கடைக்காரர் கேட்டார். பிளாக் ஹீலாக இருந்து கால் அங்குலம் மிஞ்சியிருந்தால் கைதேர்ந்த தொழிலாளி அறுத்துச் சரி செய்துவிடுவார். பென்சில் ஹீலில் எஃகையும் சேர்த்து அறுக்க வேண்டும். டிப்பின் ஆணி பிடிக்கும் துளையும் கெடும். அந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று சொன்னோம். விற்காத 18 ஜோடியையும் திரும்பிய ஐந்தையும் தயாரிப்பாளர் எடுத்துக் கொண்டார். லாரி வாடகையை இருவரும் பாதிப் பாதி ஏற்றார்கள். மீதி ஒன்பது ஜோடி வாங்கியவர்களில் முகவரி தெரிந்தவர்களுக்குக் கடைக்காரரே ஆள் அனுப்பி, விருப்பமிருந்தால் மாற்றிக் கொள்ளலாம் என்று சொன்னார்.

நம் இரு ஊர்களுக்கு எது பொருந்தும்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிகளையும் ஆண்டாள் கோயிலையும் சுற்றி நடப்பவர் அதிகம். கோயில் வாசலில் கழற்றி மாட்ட வேண்டும். பக்கிள் வார் வைத்த உயர்ந்த குதியை ஒற்றைக் காலில் நின்று மாட்டுவது சிரமம். அங்கே இரண்டு அங்குலத்துக்குள் வெட்ஜும் கிட்டனும், கால் நுழைத்தவுடன் பிடிக்கும் வகையில் இருந்தால் ஓடும். இராஜபாளையத்தில் வரவேற்புக்கென்று உயரம் கேட்பார்கள். அவர்களுக்கு மூன்று அங்குலத்துக்குள் பிளாக் ஹீலை முதலில் காட்டலாம். உயரம் இன்னும் வேண்டுமென்றால் ஒரு அங்குல முன் அடி வைத்த பிளாக்கைக் காட்டுங்கள். பென்சில் ஹீல் கேட்பவருக்குக் கொடுங்கள்; ஆனால் பத்தில் ஒரு ஜோடிக்கு மேல் இருப்பு வைக்க வேண்டாம் என்பது நமது வழக்கம்.

விற்கும்போது கம்பள விரிப்பின் மேல் நடக்கவிட்டுப் பார்க்காதீர்கள். கம்பளம் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். வெறும் தரையில் பத்தடி நடந்து திரும்பச் சொல்லுங்கள். திரும்பும்போதுதான் ஆட்டம் தெரியும். டிப் தேய்ந்து உள்ளே உள்ள ஆணி தரையைத் தொடும் முன் மாற்றிவிட வேண்டும், நடையில் டக் டக் என்று உலோகச் சத்தம் வந்தால் அன்றே கொண்டு வர வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். அதே அளவு டிப் நாலு ஜோடி கடையில் இருப்பு வைத்தால், அந்த வாடிக்கையாளர் டிப்புக்காக வரும்போது அடுத்த ஜோடியையும் நம் கடையிலேயே பார்ப்பார்.